ரேட் ஏறட்டும் என்று நைராவை வைத்திருக்கலாமா?

கேள்வி: ஐயா, எனக்குச் சொந்த ஊர் சேலம் அம்மாபேட்டை. நைஜீரியாவில், லாகோஸில் ஒரு பிளாஸ்டிக் ஃபேக்டரியில் சூப்பர்வைசராக இருக்கிறேன். சம்பளம் 15 லட்சம் நைரா. செலவு போக மாதம் 12 லட்சம் மிஞ்சும். ரேட் ஏறினதும் மொத்தமாக அனுப்பலாம் என்று நாலு மாதமாகச் சேர்த்து 48 லட்சம் வைத்திருக்கிறேன். அதுவரை வீட்டுச் செலவுக்கு மனைவி மாதம் 45,000 ரூபாய் நகை அடகு வைத்து வாங்குகிறாள், ஒன்றரை வட்டி. இங்கேயே அரசாங்கத்துக் கடன் பத்திரமான ட்ரெஷரி பில்லில் போட்டால் 20% வரும் என்கிறார் நண்பர். மச்சானோ ஏற்காட்டில் காபித் தோட்டத்தைப் பிரித்து விற்கிறார்கள், 5 லட்சம் அட்வான்ஸ் அனுப்புங்கள் என்று தினமும் போன் செய்கிறார். எதைச் செய்வது?

பதில்: 48 லட்சத்தை முதலில் நைராவிலிருந்து வெளியே எடுங்கள். மச்சானையும் நண்பரையும் பிறகு பார்க்கலாம்.

நீங்கள் காத்திருக்கும் அந்த ரேட் ஏன் ஆசை காட்டுகிறது என்று புரிகிறது. 2024 தொடக்கத்தில் டாலருக்கு 1,600 நைரா வரை போனது, ஏப்ரலில் 1,150 பக்கம் இறங்கியது, அதாவது நைராவின் மதிப்பு ஏறியது. அதைப் பார்த்தவர்கள் டாலர் இன்னும் இறங்கும் என்று உட்கார்ந்திருந்தார்கள். மே மாதமே மறுபடி 1,500-ஐ நெருங்கிவிட்டது. அதற்கு முன் நடந்தது இன்னும் மோசம். 2023 ஜூனில் மத்திய வங்கி ரேட்டைப் பிடித்து வைத்திருந்த கையை விட்டதும், 470 பக்கம் இருந்த டாலர் சில நாட்களில் 700-ஐத் தாண்டியது. பலவீனமான கரன்சி இப்படித்தான் நடந்துகொள்ளும். பல மாதம் அசையாமல் நிற்கும், கொஞ்சம் ஏறும், பிறகு ஒரே வாரத்தில் விழும். காத்திருப்பவருக்குக் கிடைக்கும் லாபம் சிறியது, விழும் அடி பெரியது. அங்கே விலைவாசி 2024-இல் 30 சதவீதத்துக்கு மேல் ஏறியது, நம் ஊரில் சுமார் 5 சதவீதம். இவ்வளவு இடைவெளி இருக்கும்வரை நைரா பழைய இடத்துக்குத் திரும்பும் என்று எதிர்பார்க்கக் காரணமில்லை.

இதில் நகைக்கடன் வேறு. நாலு மாதமும் 45,000 வீதம் வாங்கிய 1,80,000-க்கு ஒன்றரை வட்டிப்படி இதுவரை சுமார் 6,750 ரூபாய் ஆகியிருக்கும். அதாவது அந்தப் பணத்தைப் பொறுத்தவரை நைரா கிட்டத்தட்ட 4% ஏறினால்தான் வட்டிக்கே சரியாகும். அதற்கு மேல் ஏறினால்தான் லாபம். இனிமேல் மாதம் 2,700 வட்டி ஓடும். இதை உங்கள் மனைவியிடம் கேட்டால் என்னைவிடத் தெளிவாகச் சொல்வார்.

ட்ரெஷரி பில்லின் 20% நைராவில்தானே வரும்? டாலர் 1,500 என்று வைத்து 15 லட்சம் போட்டால் அது 1,000 டாலர். வருஷம் கழித்து 18 லட்சம் வரும். அப்போது டாலர் 1,800 ஆகியிருந்தால் அதே 1,000 டாலர், வட்டியே இல்லை. 2,000 ஆகியிருந்தால் 900 டாலர்தான். அங்கேயே வாழ்ந்து அங்கேயே செலவு செய்பவருக்கு அது பொருந்தலாம். சேலத்தில் ரூபாயில் செலவு உள்ள உங்களுக்குப் பொருந்தாது.

டாலருக்கு 85 ரூபாய் என்று கொண்டால், கையில் உள்ள 48 லட்சம் சுமார் 2,72,000 ரூபாய். அதில் அசலும் வட்டியுமாக 1,86,750 கட்டி நகையை மீட்டாலும் 85,000 மிஞ்சும். அதை வெளிநாட்டுச் சம்பாத்தியத்தைப் போட்டு வைக்கும் என்ஆர்இ கணக்கில் வையுங்கள், வட்டிக்கு இங்கே வரி கிடையாது. இனி சம்பளம் வந்த அன்றே, அந்த மாதச் செலவுக்கு வேண்டியதை மட்டும் நைராவில் நிறுத்திவிட்டு, மீதியை அனுப்ப வங்கியில் விண்ணப்பம் கொடுங்கள். வங்கியில் டாலர் கிடைக்கச் சில நேரம் நாளாகும், அதனால்தான் அன்றே கொடுக்கச் சொல்கிறேன். டாலர் கிடைத்தும் அனுப்ப முடியாத மாதத்தில் அது அங்கேயே டாலர் கணக்கான டாமிசிலியரி கணக்கில் நிற்கட்டும். ரேட் கூடுதலாகத் தருகிறார்கள் என்று வங்கி வழியில்லாத உண்டியலில் விடாதீர்கள். அப்படி வரும் பணத்தை என்ஆர்இ கணக்கில் போட வழியில்லை, யார் பணம் யார் கணக்கில் விழுந்தது என்ற விசாரணை வந்தால் வீட்டில் இருப்பவர்கள்தான் அலைய வேண்டும்.

மச்சான் சொல்லும் இடம் இன்னும் காகிதத்தில் தோட்டமாக இருந்தால், வெளிநாட்டில் வசிக்கும் நீங்கள் அதை வாங்கவே அந்நியச் செலாவணிச் சட்டமான ஃபெமாவின் விதிகள் இடம் கொடுக்காது. விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு மூன்றுக்கும் இந்தத் தடை உண்டு. ‘என் பேரில் வாங்கிக்கலாம் மாமா’ என்பார். அப்படியானால் நிலம் அவருடையது, பணம் மட்டும் உங்களுடையது. அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

அடுத்த கான்ட்ராக்ட் புதுப்பிக்கும்போது 15-ஐ 18 லட்சமாக்குங்கள் என்று கேட்பதைவிட, சம்பளத்தில் பாதியையாவது டாலரில் நிர்ணயித்து, முடிந்தால் இந்தியக் கணக்கிலேயே போடச் சொல்லுங்கள். அங்குள்ள இந்தியக் கம்பெனிகள் பலவற்றில் இந்த வழக்கம் உண்டு. முழுக்க நைராவில்தான் தருவோம் என்றால், தொகையைச் சம்பள நாளின் டாலர் ரேட்டோடு கட்டி எழுதச் சொல்லுங்கள். எந்த வங்கியின், எந்தத் தேதி ரேட் என்பதும் கடிதத்தில் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் கணக்குப் பிரிவில் அவர்களுக்கு வசதியான ரேட்டைத்தான் போடுவார்கள்.