ரிப்போர்ட் செய்யுமுன் முதலாளியிடம் என்ன கேட்க வேண்டும்?

கேள்வி: அண்ணா, ஹட்டன் டவுனில் ஒரு மொத்தப் பலசரக்குக் கடைக்குக் கணினி வேலை செய்து கொடுக்கிறேன். மஸ்கெலியா, நோர்வூட், பொகவந்தலாவைப் பக்கம் தோட்டக் கடைகளுக்குக் கடனுக்குச் சரக்கு அனுப்புகிறார்கள். முதலாளி கேட்டார் என்று தினசரி விற்பனை ரிப்போர்ட் ஒன்று தானாக வட்ஸ்அப்பில் போகிற மாதிரி செய்தேன். இப்போது அவர் அதைத் திறப்பதே இல்லை, "வேற ஒன்று செய்து தா" என்கிறார். இந்த முறை என்ன கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும்?

பதில்: தம்பி, "என்ன ரிப்போர்ட் வேண்டும்" என்று மட்டும் கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் யாராக இருந்தாலும் விற்பனை, லாபம், ஸ்டாக் என்று மனதுக்கு வந்ததைச் சொல்லுவார்கள். நேற்று எவ்வளவு விற்றது என்பது முதலாளிக்கு ஏற்கெனவே தெரியும், அதைக் காலையில் போனில் பார்த்து அவர் என்ன செய்யப் போகிறார்?

முதல் கேள்வி நடந்து முடிந்த ஒன்றைப் பற்றி இருக்கட்டும்: "முதலாளி, போன வாரம் யோசித்து யோசித்து எடுத்த முடிவு எது, அதை எப்படி எடுத்தீர்கள்?" உங்கள் கடை மாதிரி இடத்தில் பெரும்பாலும் வருகிற பதில், லொறியில் யாருக்குச் சரக்கு ஏற்றுவது என்பதுதான். ஒரு தோட்டக் கடைக்காரர் அறுபதாயிரத்துக்கு ஓர்டர் கொடுத்திருக்கிறார், பழைய பாக்கியும் இருக்கிறது. முழுசாக அனுப்புவதா, பாதி அனுப்புவதா, காசு கொடுத்தால்தான் என்று சொல்வதா? சரி, இதுதான் முடிவு என்றால், அடுத்து அதை யார், எப்போது, எதைக் கையில் வைத்துக்கொண்டு எடுக்கிறார் என்று கேளுங்கள். முந்திய நாள் சாயங்காலம் ஏற்றும் பட்டியலை எழுதுகிறவர் முதலாளி இல்லாமல் ஸ்டோர் பொறுப்பாளராக இருந்தால், காலை ஏழு மணிக்கு முதலாளியின் போனுக்குப் போகிற ரிப்போர்ட் ஆளும் தப்பு, நேரமும் தப்பு. அதை நாலு மணிக்கு அச்செடுத்து ஸ்டோரில் வைத்தால் போதும், வட்ஸ்அப்பே தேவைப்படாமலும் போகலாம்.

அப்புறம் நான் மிக முக்கியமாக நினைக்கிற கேள்வி: "எந்த அளவு பாக்கி வந்தால் கையை இழுத்துக்கொள்வீர்கள்?" நேராகக் கேட்டால் "அது ஆளைப் பொறுத்தது" என்பார், அதில் பொய்யும் இல்லை. அதனால் மூன்று நான்கு கடைகளின் உண்மையான கணக்கைத் தாளில் எழுதிக்கொண்டு போய், ஒவ்வொன்றாகக் காட்டி "இவருக்கு நாளைக்கு ஏற்றுவீர்களா?" என்று கேளுங்கள். அவர் சொல்கிற பதில்களிலிருந்தே எல்லை தெரிய வரும். ஐம்பதாயிரத்துக்கு மேல் தவணை கடந்த பாக்கி என்றால் பாதிச் சரக்கு, ஒரு லட்சம் தாண்டினால் காசுக்கு மட்டும், இப்படி ஏதாவது. எந்த எண்ணைக் காட்டினாலும் "அனுப்பத்தான் வேணும்" என்றே சொன்னால், அங்கே முடிவு எதுவும் இல்லை, அந்த ரிப்போர்ட்டைச் செய்யாதீர்கள். எந்தப் பக்கம் தவறினால் வலி அதிகம் என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். நல்ல கடைக்காரரை நிறுத்தினால் அவர் வேறு மொத்தக் கடைக்குப் போய்விடுவார். ஆனால் அரிசி, சீனி, மா போன்றவற்றில் நூற்றுக்கு நாலு ரூபாய்தான் மிஞ்சுகிறது என்று வைத்துக்கொண்டால், அறுபதாயிரம் வராக்கடனாகப் போனால் அதை ஈடுகட்டப் பதினைந்து லட்சத்துக்கு விற்க வேண்டும். இந்த இரண்டையும் எடைபோட வேண்டியவர் முதலாளி, நீங்கள் இல்லை.

இனி "பாக்கி" என்று அவர் எதைச் சொல்கிறார் என்று பார்க்க வேண்டும், ரிப்போர்ட் சத்தமில்லாமல் பிழையாகிப் போகிற இடம் இதுதான். மென்பொருள்கள் வழக்கமாக 30 நாள், 60 நாள் என்று பிரித்துக் காட்டும். தோட்டத்தில் காசு நடமாடுவது சம்பளத்தோடு, அதாவது பத்தாம் திகதி வாக்கில். தொழிலாளர் கடைக்காரருக்குக் கொடுப்பார்கள், அவர் உங்கள் முதலாளிக்குக் கொடுப்பார். ஆகவே "பில் போட்டு எத்தனை நாள்" என்பதைவிட "பில்லுக்குப் பிறகு ஒரு சம்பளம் போய்விட்டதா" என்பதே சரியான கேள்வி.

ஒரு கணக்கைப் பாருங்கள். இன்று ஆகஸ்ட் 20. ஒரு கடைக்கு ஜூலை 14இல் 45,000, ஜூலை 28இல் 60,000, ஆகஸ்ட் 11இல் 50,000 ரூபாய்க்குப் பில். ஆகஸ்ட் 13இல் 40,000 காசாகத் தந்திருக்கிறார், ஆகஸ்ட் 30 திகதி போட்டு 30,000க்கு ஒரு செக்கும் தந்திருக்கிறார். 30 நாள் கணக்கில் முதல் பில் மட்டும்தான் கடந்தது, காசைக் கழித்தால் வெறும் 5,000 பாக்கி. செக்கையும் வரவாகப் பதிந்திருந்தால் அதுவும் இல்லை, மிக நல்ல கடை! சம்பளக் கணக்கில் பார்த்தால் ஜூலை பில் இரண்டும் ஆகஸ்ட் சம்பளத்தில் அடைபட்டிருக்க வேண்டும், செக் இன்னும் காசாகவில்லை, ஆக 65,000 நிற்கிறது. முதலாளியின் எல்லைப்படி இவருக்குப் பாதிச் சரக்குதான்.

கடைக்காரர் காசு சேர்க்க நாலைந்து நாள் விட்டு 15ஆம் திகதியைத் தவணையாக முதலாளி ஒப்புக்கொண்டால், கூகுள் ஷீட்டில் இரண்டே சூத்திரம். Bills தாளில் A கடை, B பில் திகதி, C தவணை, D தொகை. Pay தாளில் A கடை, C தொகை, D காசு உண்மையில் கைக்கு வந்த திகதி (செக் மாறும்வரை வெறுமையாக விடுங்கள்). முதல் சூத்திரம் Bills தாளின் C2இல் தவணையைப் போடும். இரண்டாவது, A2இல் கடைப் பெயர் உள்ள ரிப்போர்ட் தாளில் பாக்கியைக் காட்டும்:

```
=DATE(YEAR(B2), MONTH(B2)+IF(DAY(B2)<10,0,1), 15)

=MAX(0, SUMIFS(Bills!D:D,Bills!A:A,A2,Bills!C:C,"<"&TODAY())
 - SUMIFS(Pay!C:C,Pay!A:A,A2,Pay!D:D,"<="&TODAY()))
```

அடுத்தது, வசூல் எப்போது கணினியில் ஏறுகிறது என்று பில் போடுகிறவரிடமே போய்க் கேளுங்கள், முதலாளிக்கு இது தெரியாமலிருக்கலாம். வசூலுக்குப் போனவர் கொப்பியில் எழுதி, அது இரண்டு நாள் கழித்துப் பதியப்படுகிறது என்றால், நேற்றுக் காசு கொடுத்தவரை இன்று ரிப்போர்ட் கடன்காரராகக் காட்டும். அப்படி ஒரு நல்ல வாடிக்கையாளருக்குச் சரக்கை நிறுத்திவிட்டால், அதன்பிறகு அந்தத் தாளை ஒருவரும் நம்ப மாட்டார்கள். தாளின் மேலே "வரவு கடைசியாகப் பதிந்த திகதி" என்று ஒரு வரி போட்டுவிடுங்கள், பழைய திகதி தெரிந்தால் ஸ்டோர்காரர் ஒரு போன் அடித்துக் கேட்டுக்கொள்வார்.

இவ்வளவும் கேட்டபிறகும் உடனே தானியங்கியாக்க வேண்டாம். ஒரு சம்பளம் முன்னும் பின்னும் வருகிற மாதிரி மூன்று நான்கு வாரம் நீங்களே கையால் எடுத்துக் கொடுங்கள். ஏற்றும் பட்டியல் தாளைப் பார்க்குமுன் ஒரு மாதிரியும், பார்த்தபிறகு வேறு மாதிரியும் ஆனதா என்று ஓரத்தில் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். ஒரு தடவைகூட மாறவில்லையென்றால் முதலாளியின் தலைக்குள்ளேயே அந்தக் கணக்கு சரியாக இருக்கிறது, வேறு முடிவைத் தேடலாம்.

தீபாவளி மாதத்தைப் பற்றியும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். தொழிலாளருக்கு முற்பணம் கிடைக்கிற நாளில் காசு வரும், கடைக்காரரும் வழக்கத்தைவிட அதிகமாகச் சரக்கு கேட்பார், 15ஆம் திகதி என்ற தவணையும் ஐம்பதாயிரம் என்ற எல்லையும் இரண்டுமே அப்போது பொருந்தாது. அதனால் மேலே சூத்திரத்துக்குள் இருக்கிற 15ஐயும் வெளியே எடுத்து, இரண்டையும் தனிக் கட்டங்களில் வைத்து, யார் மாற்றலாம் என்று முதலாளியிடமே கேட்டு, அந்த ஆளுக்கு மாற்றிக் காட்டிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.