டயர் எண்கள்: படம் அனுப்பியவர்களுக்குப் பதில்கள்

கேள்வி: பழைய கார் ஒன்றை விலை பேசிக்கொண்டிருக்கிறேன். டயரில் நீள்வட்டக் கட்டத்துக்குள் 6121 என்று இருக்கிறது. 2021இல் வந்த டயர் என்கிறார் விற்பவர். சரியா?

பதில்: சரியில்லை. அந்த நான்கு இலக்கங்களில் முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருடம். வருடத்துக்கு 52 வாரம், எப்போதாவது 53. 61ஆவது வாரம் என்று ஒன்று கிடையாது. உங்கள் படத்தை அப்படியே தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள்: 1219. ஒன்றும் இரண்டும் திருப்பினாலும் மாறாது, ஒன்பதுதான் ஆறாகிவிட்டது. ஆக, இது 2019 மார்ச் பிற்பகுதியில் செய்த டயர்.

எழுத்துகள் டயரைச் சுற்றி வட்டமாக ஓடுவதால், தரைப் பக்கம் வந்து நிற்பவை தலைகீழாகத்தான் தெரியும். எழுத்தின் தலை பெரும்பாலும் பட்டன் பக்கம், அதாவது சாலையில் படும் பக்கம் இருக்கும். உங்கள் படத்தில் பட்டன் கீழ் ஓரத்தில் தெரிகிறது, அதை வைத்தே சொல்லிவிடலாம். இருந்தாலும் கட்டத்தை மட்டும் எடுக்காமல், அதே வரிசையில் தொடங்கும் DOT என்ற எழுத்துகளும் விழுகிற மாதிரி இன்னொரு படம் எடுங்கள். அவை நேராக நின்றால் எண்ணும் நேர்.

கேள்வி: என் டயரில் DOT இருக்கிறது, பின்னால் சில எழுத்துகளும் இருக்கின்றன. தேதியைக் காணோமே?

பதில்: பல டயர்களில் தேதி ஒரு பக்கம்தான் இருக்கும். உங்களுக்கு அது உள்பக்கம் போயிருக்கிறது. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து நிறுத்தினால், முன் சக்கரத்தின் உள்பக்கத்துக்குள் போனை நீட்டிப் படம் எடுத்துவிடலாம்.

கேள்வி: மூன்று டயரில் 185/65 R15, ஒன்றில் மட்டும் 185/60 R15. ரிம் ஒன்றுதானே, ஓட்டலாமா?

பதில்: ரிம் ஒன்றுதான், உயரம் வேறு. 185 என்பது மில்லிமீட்டரில் அகலம், 65 என்பது அந்த அகலத்தில் 65 சதவீதம், அதாவது பக்கவாட்டின் உயரம் சுமார் 120 மில்லிமீட்டர். மேலும் கீழும் சேர்த்து 240. 15 அங்குல ரிம் 381. மொத்தம் 621. அதே கணக்கில் 60 போட்டால் 603. கிட்டத்தட்ட 18 மில்லிமீட்டர் குட்டை. ஒரே அச்சில் இந்த இரண்டும் இருந்தால், நேர் சாலையில்கூடச் சிறிய சக்கரம் அதிகமாகச் சுற்ற வேண்டும். அந்த வேக வித்தியாசத்தை டிஃபரன்ஷியலும் ஏபிஎஸ்ஸும் ஓயாமல் சுமக்கும். மாற்றிவிடுங்கள். அதுவரை நீண்ட பயணம் வேண்டாம்.

கேள்வி: 1320ஆ, 1820ஆ? எத்தனை முறை எடுத்தாலும் தெளியவில்லை.

பதில்: நேராக அடிக்கும் ஃபிளாஷ்தான் காரணம், கருப்பு ரப்பரில் நிழலே விழவில்லை. ஃபிளாஷை அணைத்துவிட்டு, இன்னொரு போனின் டார்ச்சை டயரை ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள். அப்படியும் புரியாவிட்டால், ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டு, சாக்பீஸைப் படுக்கவைத்து மேலாகத் தேயுங்கள். எட்டாக இருந்தால் இடப்பக்க வளைவுகளும் வெள்ளையாக மூடி நிற்கும்.