“மின்னொழுக்கு” என்று எழுதினால் போதுமா?

“அண்ணை, புதுக்குடியிருப்பில் சின்னத் துணிக்கடை வைத்திருக்கிறேன். போன வெள்ளி பின்னேரம் சாறி றாக்கைக்குப் பின்னால் பிளக்கடியில் தீப்பிடித்து, நாங்களே அணைத்துவிட்டோம். ஸ்டீம் அயனும் மின்விசிறியும் ஒரே மல்டி பிளக்கில் இருந்தன. தீயணைப்புப் பிரிவுக்காரர் நடந்ததை எழுதித் தரச் சொல்கிறார்கள். மின்னொழுக்கால் தீப்பிடித்தது என்று எழுதினால் போதுமா?”

போதாது தம்பி, காரணம் என்று அந்தச் சொல்லை எழுதவே வேண்டாம். மின்னொழுக்கு என்பது ஆராய்ந்து பார்த்தபின் எடுக்கிற முடிவு. அதை அவர்கள் எடுக்கட்டும். உங்களிடம் அவர்களுக்கு வேண்டியது அங்கே நின்ற ஆளுக்கு மட்டும் தெரிந்த விஷயம்: எது முதலில் நடந்தது, அதற்குப் பிறகு எது.

முக்கியமாக ட்ரிப் சுவிட்ச். அது தானாக விழுந்ததா, நீங்கள் கையால் இறக்கினீர்களா, தானாக விழுந்தது என்றால் புகை வருவதற்கு முன்னரா பின்னரா? இதை நான் இவ்வளவு அழுத்திக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. உங்கள் அயன் 2000 வாட் என்று வைப்போம், 230 வோல்ட்டில் அது ஏறக்குறைய 8.7 அம்பியர் இழுக்கும். பிளக் காலும் உள்ளே இருக்கிற பித்தளைத் தகடும் இறுக்கமாகப் பிடிக்காமல் அந்த இடத்தில் அரை ஓம் தடை வந்தால்கூட, அந்தச் சின்னப் புள்ளியில் 38 வாட் சூடு பிறக்கும். ஈயம் பற்றவைக்கிற அயனின் நுனியை ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் செருகி விட்டது மாதிரித்தான். ஆனால் ஓடுகிற கரண்ட் கூடவில்லை, அதனால் பிரேக்கர் விழாது, பூமிக்கும் எதுவும் ஒழுகவில்லை, அதனால் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்சும் விழாது. பிளாஸ்டிக் பழுப்பாகி, கரியாகி, பக்கத்தில் தொங்குகிற சாறியில் பிடித்து, கடைசியில் வயரின் உறை எரிந்து இரண்டு கம்பியும் முட்டும்போதுதான் பிரேக்கர் விழும். அப்போது நடந்த ஷோர்ட் தீயின் விளைவு. செம்பு உருகி மணிமணியாய் நிற்பதை வைத்தும் அதுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது, எரிகிற வயரிலும் அது வரும்.

ஆகவே இப்படி எழுதுங்கள், உங்கள் நேரங்களையும் விவரங்களையும் போட்டு:

“மாலை 6.40 அளவில் அயன் வேலை செய்துகொண்டிருந்தது, மின்விசிறியும் ஓடியது. பிளாஸ்டிக் எரிகிற மணம் வந்தது. லைட்டுகள் மங்கவில்லை. ஓரிரு நிமிடத்தில் றாக்கைக்குப் பின்னால், மல்டி பிளக் இருந்த உயரத்தில், புகை கண்டேன். அப்போது ட்ரிப் சுவிட்ச் மேலேதான் இருந்தது. மகன் மெயின் சுவிட்சை இறக்கினார். நான் பொலியஸ்டர் சாறிகளை இழுத்து வெளியே போட்டேன். பிறகு மணல் போட்டு அணைத்தோம். அயன் பிளக் ஒரு மாதமாகத் தளர்வாக இருந்தது, ஆட்டினால்தான் வேலை செய்யும்.”

அந்தக் கடைசி வசனத்தை எழுதக் கூச்சமாக இருக்கும், தெரியும். உண்மை என்றால் எழுதுங்கள். பிளக்கையும் மல்டி பிளக்கையும் பிரித்துப் பார்க்கிறவருக்கு அது எப்படியும் தெரியவரும், நீங்கள் மறைத்தது தெரிந்தால் மீதி எழுதியதையும் நம்பமாட்டார்கள்.

நேரத்தை நினைவிலிருந்து எழுதாமல், யாருக்காவது அழைப்பு எடுத்திருந்தால் போனில் பாருங்கள். கடையில் கமரா இருந்தால் அதன் மணிக்கூடு போன் நேரத்தைவிட எத்தனை நிமிடம் முன்பின் என்று பார்த்து அதையும் ஒரு வரி எழுதுங்கள், பல கமராக்களில் நேரம் பிழையாகத்தான் ஓடும். மகன் கண்டதை மகனே தனித் தாளில் எழுதிக் கையொப்பம் வைக்கட்டும். இருவர் சொல்வதும் கொஞ்சம் மாறினால் பரவாயில்லை, திருத்திப் பொருத்தப் போகாதீர்கள்.

இழப்புக் கணக்கை இந்தக் கடிதத்துக்குள் கொண்டுவராதீர்கள். வேறு தாளில், கொள்முதல் விலையோடு, எரிந்தது, நனைந்தது, புகை மணம் ஏறியது என்று மூன்றாகப் பிரித்து, பில்களின் பிரதியோடு வையுங்கள்.

அப்புறம், கடையைத் துப்புரவாக்க அவசரப்படுவீர்கள். அவர்கள் வந்து பார்க்கும்வரை எரிந்த பிளக், மல்டி பிளக், அயன் வயர் எதையும் பிடுங்கவோ துடைக்கவோ வேண்டாம், வயர்மன் வந்து புதிசு மாட்டித் தருகிறேன் என்றாலும் வேண்டாம். ஏற்கெனவே கழற்றிவிட்டீர்களா? சரி, கடுதாசிப் பெட்டியில் போட்டு, எந்த இடத்தில் எப்படி இருந்தது, யார் எப்போது கழற்றினார் என்பதைக் கடிதத்திலேயே சேர்த்துவிடுங்கள். கொடுத்த பிறகு ஏதாவது ஞாபகம் வந்தால் பழையதைத் திரும்ப வாங்கி மாற்றாமல், திகதி போட்டு இன்னொரு தாள் கொடுங்கள்.