நொதியின் உச்ச வேகமான Vmax-ஐ வரைபடத்தின் உச்சியில் இருந்து எடுக்கலாமா?

"பி.என்.பி.பி. என்ற வினைப்பொருளின் 2, 4, 8 மில்லிமோலாரில் பாஸ்பட்டேஸ் நொதியின் வேகம் நிமிடத்துக்கு 25, 33.3, 40 மைக்ரோமோல். கோடு தட்டையாகிவிட்டது. Vmax = 40 தானே?"

இல்லை, 50. தட்டையாகத் தெரிவது இன்னும் ஏறிக்கொண்டிருக்கும் கோடுதான். மைக்கேலிஸ்-மென்டன் சமன்பாடு v = Vmax × S / (Km + S). S வினைப்பொருளின் செறிவு, v அப்போதைய வேகம், Km என்பது Vmax-இல் பாதி வேகம் கிடைக்கும் S. மேலும் கீழும் S-ஆல் வகுத்துப் பாருங்கள்:

v = Vmax / (1 + Km/S)

S பெருகப் பெருக Km/S பூஜ்யத்தை நெருங்கும், ஆனால் எந்த அளவிலும் பூஜ்யமாகாது. Vmax ஓர் எல்லை மதிப்பு. எந்தக் குழாயிலும் அதை நேரடியாக அளக்க முடியாது. S நான்கு மடங்கு Km-ஆக இருந்தால் 80% தான் கிடைக்கும், 95%-க்கு 19 மடங்கு வேண்டும்.

S/v-ஐ S-க்கு எதிராக வரையுங்கள். 2-இல் 0.08, 8-இல் 0.2, சாய்வு 0.02. அதன் தலைகீழ் 50, அதுவே Vmax. வெட்டு 0.04-ஐ 50-ஆல் பெருக்கினால் Km = 2. உச்சியை 40 என்று வைத்திருந்தால், அதில் பாதியான 20-க்கு நேராக Km 1.33 என்று தவறாகப் படித்திருப்பீர்கள். அறிக்கைக்கு, நேரியல் அல்லாத பொருத்தமே நல்லது.

நொதியைப் பாதியாக்கியும் ஒருமுறை அளந்துவிடுங்கள். எல்லா வேகங்களும் பாதியாக வேண்டும். உச்சி மட்டும் அசையாமல் நின்றால், தட்டையானது நொதியால் அல்ல, 405 நானோமீட்டரில் உங்கள் ஒளிமானி நிறைந்துவிட்டதால்.

அதிக S-இல் வேகம் இறங்கினால் வினைப்பொருளே நொதியைத் தடுக்கிறது. அங்கே இந்தச் சமன்பாடு பொருந்தாது.