மருமகன் ஏன் 'மாமி' என்று கூப்பிடுவதில்லை?

கேள்வி: மகளுக்குப் போன ஆவணியில் கல்யாணம் முடிந்தது. மருமகன் எங்களோடதான் இருக்கிறார். நல்ல பிள்ளை, அரச உத்தியோகம். ஆனால் பேச்சு திக்கும். அவர் திணறுவதைப் பார்த்துக்கொண்டிருக்க ஏலாமல் நானே சொல்லை எடுத்துக் கொடுப்பேன். 'ஆறுதலாக மூச்செடுத்துக் கதைங்க மகன்' என்றும் சொல்லுவேன். கோயிலில் எல்லாரோடும் சேர்ந்து தேவாரம் படிக்கும்போது ஒரு இடத்திலும் திக்குவதில்லை. அப்ப மனம் வைத்தால் முடியும்தானே? வந்த புதிதில் மாமி என்று கூப்பிட்டவர், இப்ப பக்கத்தில் வந்து நின்று செருமுகிறார், அவ்வளவுதான். வைகாசியில் தங்கச்சியின் மகளுக்குக் கல்யாணம். வாசலில் ஆட்களை வரவேற்க அவரையும் நிற்கச் சொல்கிறார்கள். அதற்குள் இதைச் சரிப்படுத்த வழி உண்டா? இல்லாவிட்டால் ஏதும் சாட்டுச் சொல்லி அவரை வீட்டில் விட்டுவிட்டுப் போகலாமா?
- ஒரு தாய், களுவாஞ்சிகுடி

பதில்: 'அவ்வளவுதான்' என்று எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். நான் அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகமுதலே ஒரு பிள்ளை உங்களை முறைசொல்லிக் கூப்பிடுவதை விட்டுவிட்டார். உங்களுக்கு அது பெரிதாகப் படவில்லை. எனக்குப் படுகிறது.

எந்தச் சொல் தன்னை மறிக்கப் போகிறது என்பது திக்குகிறவருக்குப் பல நேரம் வாய் திறக்கமுதலே தெரியும். உடனே வேறு சொல்லுக்கு மாறிவிடுவார். 'குடை' வராது என்று பட்டால் 'மழை வரும்போல கிடக்கு' என்பார். கேட்கிறவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் ஆளின் பெயருக்கும் முறைச்சொல்லுக்கும் மாற்று இல்லை. மாமி என்றால் மாமிதான். அதனால்தான் தன் பெயரைச் சொல்வதும், ஆளைக் கூப்பிடுவதும், வணக்கம் சொல்வதும் இவர்களில் பலருக்கு எல்லாவற்றையும் விடக் கஷ்டமாக இருக்கிறது. 'மா' என்று தொடங்க இரண்டு உதடும் மூட வேண்டும். மூடின உதடு அப்படியே இறுகிவிடும், குரல் எழும்பாது. சொல் மறந்துபோய் அவர் நிற்கவில்லை. அது முழுசாகத் தெரியும், வெளியே வர மறுக்கிறது.

நீங்கள் அந்த நேரத்தில் பாய்ந்து 'என்ன மகன், சோறு போடவா?' என்கிறீர்கள். அவர் கேட்க வந்தது மோட்டார் சைக்கிள் திறப்பாக இருக்கலாம். இப்ப அவர் முதலில் 'இல்லை' என்று சொல்ல வேண்டும், பிறகு திரும்பவும் அதே 'மாமி'யில் தொடங்க வேண்டும். கன பேர் அந்த இடத்தில் 'ஓம்' என்று சொல்லி, பசிக்காத வயிற்றில் சோற்றைச் சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள். நாளுக்கு நாள் இப்படி நடந்தால் எவரும் செருமத்தான் செய்வார். உதவி என்று நினைத்து, கூப்பிட வந்த வாயை நீங்களே மூடியிருக்கிறீர்கள்.

நம்முடைய பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். பெற்ற தாயின் வளவை விட்டு உங்கள் வளவுக்குள் வந்த பிள்ளை அவர். அவர் பேச்சு திருந்தட்டும் என்று நீங்கள் காத்திருப்பது முறையில்லை. அவர் பேசி முடிக்க இடம் கொடுப்பது வீட்டுக்காரியான உங்கள் கடமை.

நாளைக் காலையிலேயே தொடங்கலாம். நீங்கள் திருவலையில் தேங்காய் துருவிக்கொண்டிருக்கிறீர்கள், அவர் வந்து நிற்கிறார். கையை நிறுத்தி அவரைப் பாருங்கள். வாயை உற்றுப் பார்க்க வேண்டாம், பரிதாபப்பட்டுப் பார்வையை வேறு பக்கம் திருப்பவும் வேண்டாம். மகளோடு கதைக்கும்போது எப்படிப் பார்ப்பீர்களோ அப்படி. உதடு இறுகும், கண் மூடும், தலை ஒரு பக்கம் இழுக்கும். இருங்கள். பெரும்பாலான திக்கல் ஓரிரண்டு விநாடிதான். சிலது ஐந்து விநாடியைத் தாண்டும், அது உங்களுக்கு ஒரு யுகம் மாதிரி இருக்கும். அந்தத் தவிப்பு உங்களுடையது, அதை ஆற்றுவதற்காக அவருடைய சொல்லைப் பறிக்காதீர்கள். அவர் முடித்ததும் அவசரப்பட்டு மறுமொழி சொல்லாமல் ஒரு மூச்சு விட்டுவிட்டு, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். 'இப்ப வடிவாச் சொல்லிப்போட்டீங்க' என்ற பாராட்டும் வேண்டாம். விளங்காவிட்டால் விளங்கின மாதிரித் தலையாட்டாமல், 'பாங்குக்கு எண்டு விளங்கிச்சு, எத்தனை மணிக்கு எண்டது விளங்கல்ல' என்று விட்ட இடத்தை மட்டும் கேளுங்கள்.

போனிலும் இதுதான். அழைப்பது மருமகன் என்று பெயர் விழுகிறது. எடுத்தால் சத்தம் இல்லை. 'ஹலோ, ஹலோ' என்று நாலு தரம் கத்திவிட்டு லைன் இல்லை என்று வைத்துவிடுவீர்கள். ஒரு தரம் 'ஓம் மகன்' என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள். மறுபக்கத்தில் அவர் அந்த முதல் சொல்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார்.

தேவாரத்துக்கு வருவோம். பாடும்போதும், பலரோடு ஒரே குரலில் படிக்கும்போதும், திக்குகிறவர்களில் அநேகமாக எல்லாருக்கும் திக்கல் குறைந்துவிடும். தனியே கதைக்கும்போதும் கைக்குழந்தையைக் கொஞ்சும்போதும் கூட அப்படித்தான். பாட்டில் ராகமும் தாளமும் முன்னமே போட்டுக் கிடக்கிறது, அடுத்த சொல்லைத் தேடிக் கோக்க வேண்டியதில்லை, மறுமொழிக்கு ஒருவரும் காத்திருப்பதில்லை. இதில் மனம் வைப்பது எங்கே இருக்கிறது? திக்கல் பெரும்பாலும் 2 வயதுக்கும் 5 வயதுக்கும் இடையில் தொடங்குகிறது. பரம்பரைக்கும் அதில் பங்கு உண்டு. பயத்தாலோ புத்திக் குறைவாலோ வருவதில்லை. 'மூச்செடுத்துக் கதைங்க' என்பதைச் சின்ன வயதிலிருந்து ஆயிரம் பேர் அவருக்குச் சொல்லியிருப்பார்கள். அதில் சுகம் வருமென்றால் எப்பவோ வந்திருக்கும். 'நீ திக்குவதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்' என்றுதான் அது அவர் காதில் விழும்.

சரி, வைத்தியம். வளர்ந்த ஆளில் இதை அடியோடு நிறுத்துகிற மாத்திரை இல்லை. பேச்சுச் சிகிச்சையாளரிடம் போனால், சொல்லை இறுக்காமல் மெல்லத் தொடங்கவும், இறுகின இடத்தில் தளர்த்தி விடவும் பழக்குவார்கள். சொல்லை மாற்றி மாற்றி ஒளிக்கிற பழக்கத்தை விடவும் உதவுவார்கள். மாதக்கணக்கில் ஆகும், வைகாசிக்கு முன்னால் முடிகிற காரியம் இல்லை. போவதா இல்லையா என்பதை அவர்தான் முடிவெடுக்க வேண்டும். நீங்கள் நாள் குறித்துக் கூட்டிக்கொண்டு போகக் கூடாது. உங்களுக்குப் பேரப்பிள்ளை பிறந்து, அதன் பேச்சு திக்கி ஆறு மாதம் தாண்டினால் அது வேறு கதை. குடும்பத்தில் ஒருவருக்கு இருப்பதால் அந்தப் பிள்ளையைத் தாமதிக்காமல் காட்டுங்கள்.

இனிச் சாட்டு. அந்த வரியை வாசித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. தலைவலி என்றோ கந்தோர் வேலை என்றோ சொல்லி வீட்டு மருமகனை மறைத்து வைத்துவிட்டு, எந்த முகத்தோடு பந்தியில் உட்காருவீர்கள்? உங்கள் மகளின் முகத்தையாவது நினைத்தீர்களா? அங்கே நிற்க விருப்பமா என்று அவரிடமே கேளுங்கள், கேட்டுவிட்டு அவர் சொல்லி முடிக்கும்வரை இருங்கள். வெற்றிலைத் தட்டத்தோடு நிற்கிறேன் என்றால் நிற்கட்டும், வருகிறவர்கள் இரண்டு விநாடி வாசலில் நின்றுவிட்டு உள்ளே போகட்டும். பந்தலுக்குள் ஓடியாடி வேலை பார்க்கத்தான் விருப்பம் என்றால் அதுவும் சரி. யாரும் அவருக்காக வாய் எடுத்தால் இடையில் புகுந்து 'அவர் சொல்லட்டும்' என்று நீங்கள் சொல்வது அவருக்குப் பிடிக்குமா, பேசாமல் விடுவது பிடிக்குமா என்பதையும் இப்பவே கேட்டு வையுங்கள். சிலருக்கு அப்படிப் பரிந்து பேசுவதே கூச்சமாக இருக்கும். தங்கச்சி வீட்டாருக்கு மட்டும் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அதையும் அவர் சம்மதித்தால் மட்டும்.