கிரைண்டர் விமர்சனத்தில் 'பரவாயில்லை' என்றால் எவ்வளவு நல்லது?

கேள்வி: தமிழில் வரும் பொருள் விமர்சனங்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துத் தருகிறேன். பாராட்டு சப்பென்று ஆகிவிடுகிறது, சின்னக் குறை பெரிய புகாராகிவிடுகிறது. அளவு மாறாமல் எழுதுவது எப்படி?

யாரோ ஒரு விற்பனையாளருக்காகச் செய்கிறீர்கள், படிக்கப்போகிறவருக்குத் தமிழ் தெரியாது என்று வைத்துக்கொள்கிறேன். என் பிழைப்பும் அதுதான். வீட்டு உபயோகப் பொருள் விற்கும் கடை ஒன்றுக்கு வரும் விமர்சனங்களை ஆங்கிலமாக்கித் தருகிறேன். மொழியியல் படித்தவன் இல்லை, அதனால் கோட்பாடு கேட்டு யாரும் கீழே வர வேண்டாம்.

டேபிள் டாப் கிரைண்டர் ஒன்றுக்கு நான்கு நட்சத்திரம் போட்டு ஒரு அம்மா எழுதியது இது, கிட்டத்தட்ட அப்படியே:

"மாவு நல்லாத்தான் அரைக்குது. உளுந்து பொங்கி வருது, சும்மா சொல்லக்கூடாது. சத்தம் கொஞ்சம் ஜாஸ்தி. மூடி மட்டும் உடைஞ்சு வந்துச்சு, போன் பண்ணதும் மாத்திக் குடுத்துட்டாங்க. இந்த விலைக்குப் பரவாயில்லை."

எனக்கு முன்னால் இருந்தவர் இதை மொழிபெயர்த்து அனுப்பியதைப் படித்துவிட்டு, கிரைண்டர் கம்பெனியில் இருந்து கடைக்கு போன் வந்ததாம், வாடிக்கையாளர் ஏன் இவ்வளவு கோபமாக இருக்கிறார் என்று. அந்த அம்மாவுக்குக் கோபமே இல்லை. அதற்கப்புறம்தான் வேலை என் கைக்கு வந்தது.

முதல் சறுக்கல் 'பொங்கி வருது'. அவர் 'ஓவர்ஃப்ளோஸ்' என்று போட்டிருந்தார். பொங்கி வழிந்தால்தான் குறை. உளுந்து பொங்கி வந்தால், காற்றோடு சேர்ந்து பஞ்சு போல அரைபடுகிறது, இட்லி மெத்தென்று வரும் என்று அர்த்தம். கல் கிரைண்டருக்கு அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. விமர்சனத்தின் உச்சியில் இருந்த புகழ், ஆங்கிலத்தில் சமையல் மேடையை நாறடிக்கும் பழுதாகிவிட்டது. 'தி உளுந்து பேட்டர் கம்ஸ் அவுட் லைட் அண்ட் ஃப்ளஃபி' என்றால் முடிந்தது. கூடவே வருகிற 'சும்மா சொல்லக்கூடாது' என்பதையும் அவர் விட்டுவிட்டார். எளிதில் புகழாத ஒருவர் ஒப்புக்கொள்கிற இடம் அது. 'ஐ ஹேவ் டு கிவ் இட் தட்' என்று ஏதாவது வராவிட்டால் பாராட்டின் எடை பாதி போய்விடும்.

அடுத்தது அந்தத் 'தான்'. 'நல்லா அரைக்குது' என்பது முழுப் பாராட்டு. 'நல்லாத்தான் அரைக்குது' என்றால் பின்னால் ஏதோ வருகிறது என்று நமக்கு உடனே தெரியும். அதை 'இட் கிரைண்ட்ஸ் வெல்' என்று எழுதினால் படிப்பவர் நிம்மதியாகிவிடுவார், பிறகு சத்தத்தைப் பற்றிய வரி திடீரென்று வந்து நிற்கும், குறை உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும். 'இட் டஸ் கிரைண்ட் வெல்' என்று எழுதினால் அவரும் ஒரு 'பட்' வரும் என்று எதிர்பார்ப்பார்.

மூடி விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பு. 'உடைஞ்சு வந்துச்சு' என்பதில் யார் மேலும் பழி இல்லை. 'உடைச்சு அனுப்பிட்டாங்க' என்றால் குற்றச்சாட்டு. எழுதுகிறவர் இந்த இரண்டில் ஒன்றைத் தெரிந்தேதான் எடுக்கிறார். ஆங்கிலத்தில் எழுவாய் வேண்டுமே என்று அவசரத்தில் 'தே சென்ட் எ புரோக்கன் லிட்' என்று எழுதினால், அந்த அம்மா சொல்லாத குற்றத்தை நாம் சுமத்தியதாகிறது. 'ஒன்லி தி லிட் அரைவ்ட் புரோக்கன்' போதும். 'ஒன்லி'யை விடாதீர்கள், 'மட்டும்' என்று அவர் சொன்னது அதுதான். அப்புறம் 'போன் பண்ணதும்' என்பதை வெறும் 'ஆஃப்டர் ஐ கால்ட்' ஆக்கினால் ஒரு வாரம் கழித்து மாற்றியதாகவும் படிக்கலாம். 'அஸ் ஸூன் அஸ் ஐ கால்ட்' என்றால்தான் உடனே நடந்தது தெரியும். வரிசையையும் புரட்டாதீர்கள். அவர் உடைந்ததை முதலில் சொல்லி, மாற்றிக் கொடுத்ததில் முடிக்கிறார், மனக்குறை அங்கே தீர்ந்துவிடுகிறது. 'தே ரீப்ளேஸ்ட் இட், பட் இட் அரைவ்ட் புரோக்கன்' என்று திருப்பிப் போட்டால் தீர்ந்த குறை தீராததாகிவிடும்.

'பரவாயில்லை'க்கு ஒரே ஆங்கிலம் கிடையாது. முழு விமர்சனத்தையும் படித்த பிறகுதான் அதை எழுதுவேன். இங்கே மேலே பாராட்டு இருக்கிறது, குறை தீர்ந்துவிட்டது, நான்கு நட்சத்திரமும் இருக்கிறது. ஆகவே 'குட் ஃபார் தி பிரைஸ்'. அதே சொல் இரண்டு நட்சத்திர விமர்சனத்தில் 'வாங்கியாச்சு, பரவாயில்லை' என்று வந்தால் 'ஐ வில் லிவ் வித் இட்'. 'ஓகே' என்று எழுதித் தப்பிப்பது இரண்டுக்குமே சரியில்லை, ஆங்கில விமர்சனத்தில் 'ஓகே' என்றால் சுமார் என்றுதான் படிப்பார்கள்.

நட்சத்திரத்தைப் பார்த்து மொழிபெயர்ப்பது ஏமாற்று என்று ஒருவர் முன்பு என்னிடம் சண்டைக்கு வந்தார். ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் சாத்தியம் என்கிற இடத்தில் மட்டும்தான் அது எனக்குத் துணை. கூரியர் தாமதத்துக்கு ஒரு நட்சத்திரம் போட்டுவிட்டுப் பொருளைப் புகழ்கிறவர்களும் உண்டு. அங்கே புகழைக் குறைக்கவும் மாட்டேன், நட்சத்திரத்துக்கு விளக்கம் சேர்க்கவும் மாட்டேன்.

பொருளைத் தெரியாமல் எடை தெரியாது என்பதற்கும் ஒரு உதாரணம். 'மோட்டார் சூடாகுது' என்றால் சாதாரண முணுமுணுப்பாக இருக்கலாம். 'மாவு சூடாகுது' என்றால் கிரைண்டரின் அடிமடியிலேயே கை வைத்த குற்றச்சாட்டு, மிக்ஸியில் அரைத்தால் மாவு சூடாகிறது என்றுதானே பலர் கிரைண்டர் வாங்குகிறார்கள். வெளியூர்க்காரருக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியும். அதற்காக விமர்சனத்துக்குள் என் விளக்கத்தைத் திணிப்பதில்லை. தனிக் குறிப்பாக எழுதி அனுப்புவேன்.

சரியாக வந்ததா என்று பார்க்க நான் செய்வது: நட்சத்திரத்தை மறைத்துவிட்டு ஆங்கிலத்தை மட்டும் தமிழ் தெரியாத ஒருவரிடம் கொடுத்து, எத்தனை போட்டிருப்பார் என்று கேட்பேன். அசலை ஒரு தமிழரிடம் அதே மாதிரி கொடுப்பேன். இரண்டு பதிலும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் விடலாம். தள்ளி வந்தால், எந்த வரியைப் படித்து அப்படி நினைத்தார் என்று கேளுங்கள், கோளாறு இருக்கும் வரியை அவரே காட்டிவிடுவார்.

இவ்வளவும் செய்து கைக்கு வருவது என்ன என்றும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் கேட்காவிட்டாலும். பல ஏஜென்சிகள் மூலமொழிச் சொல் கணக்கில்தான் காசு தருகின்றன. 'வாங்கியிருக்கவே வேண்டாம்' தமிழில் இரண்டு சொல். 'ஐ ஷுட் நெவர் ஹேவ் பாட் இட்' ஆறு சொல். ஆறு தட்டச்சு செய்து இரண்டுக்குக் கூலி. ஆங்கிலத்தில் இருந்து தமிழுக்குச் செய்கிறவருக்கு இதே கணக்கு லாபமாக இருக்கிறது, அவர்கள் வாயைத் திறப்பதில்லை. நான் கேட்டபோது "எல்லா மொழிக்கும் இதே ரேட் சார்" என்றார்கள். இப்போது நேரடி வாடிக்கையாளர்களிடம் ஆங்கிலச் சொல்லை எண்ணித்தான் பில் போடுகிறேன். நீங்களும் அடுத்த வேலையை ஒப்புக்கொள்வதற்கு முன்னால், எந்தப் பக்கத்தை எண்ணுவார்கள் என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள்.