மேனேஜரிடம் போகும் முன் ஒரு கணக்கு

"அண்ணா, சோழிங்கநல்லூர் ஆபீஸிலிருந்து லண்டன் வந்து மூன்று மாதம் ஆகிறது. வேலை தலைக்கு மேல் போகிறது. எதை விடலாம் என்று மேனேஜரிடம் கேட்டால் சாக்குச் சொல்கிற மாதிரி ஆகிவிடாதா?"

தம்பி, பெரும்பாலும் சொல்கிற நேரம்தான் அதைச் சாக்காக்குகிறது. வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டியதைப் பற்றி வியாழன் மாலை வாய் திறந்தால் மேனேஜரால் எதையும் மாற்ற முடியாது. திங்கள் காலையே சொன்னால் மாற்ற இடம் இருக்கிறது.

சென்னையில் டீம் லீட் பக்கத்து சீட்டில் இருப்பார். ராத்திரி எட்டு மணிக்கும் நீங்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அவரே ஒரு வேலையை வேறு ஆளுக்கு மாற்றிவிடுவதுண்டு. இங்கே அதை எதிர்பார்க்காதீர்கள், நீங்கள் சொன்னால்தான் தெரியும். முக்கியமாக, சென்னை டீமோடு காலையில் போகிற கால்கள். கோடையில் நாலரை மணி நேரம், குளிர்காலத்தில் ஐந்தரை மணி நேரம் அவர்கள் நமக்கு முன்னால் இருப்பதால், பல கால்கள் லண்டன் மேனேஜர் ஆபீஸ் வருவதற்குள் முடிந்துவிடும். அந்த நேரம் அவர் கணக்கிலேயே இருக்காது.

அதனால் முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். வாரத்துக்கு 37.5 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். மீட்டிங் 9, சென்னை கால்களும் ரிவ்யூவும் 6. மிச்சம் 22.5. வேலைகளோ ரிலீஸ் டெஸ்டிங் 12, கிளையன்ட் ரிப்போர்ட் 8, பழைய சிஸ்டத்தின் டாக்குமென்ட் 10, புதிதாகச் சேர்ந்தவருக்குப் பயிற்சி 5. மொத்தம் 35. ஆக 12.5 மணி நேரம் இடிக்கிறது.

இதை வைத்துக்கொண்டு மேனேஜரிடம் இப்படிச் சொல்லுங்கள்: "இந்த வாரம் எனக்கு 22.5 மணி நேரம் இருக்கிறது, வேலை 35 மணி நேரத்துக்கு. டெஸ்டிங்கும் ரிப்போர்ட்டும் வெள்ளிக்குள் முடியும். டாக்குமென்ட்டை இரண்டு வாரம் தள்ளி, பயிற்சியைச் சென்னையில் ஒருவரிடம் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். சரியா, இல்லை வேறு எதைத் தள்ளலாம்?" மன்னிப்பு, தூக்கம் கெட்ட கதை, வீடு தேடுகிற கஷ்டம் எதுவும் இதில் வேண்டாம். அவை வந்தால் பேச்சு வேலையை விட்டு உங்கள் மேல் திரும்பிவிடும். வெறுமனே "எதை விடலாம்?" என்று கேட்பதும் பாதி வேலைதான். யோசிக்கிற பாரத்தை அவர் தலையில் வைப்பதாகத் தோன்றும்.

தள்ளினால் 2.5 மணி நேரம் மிஞ்சும். அதை நிரப்பாதீர்கள், டெஸ்டிங்கில் பிழை வந்தால் அங்கேதான் போகும்.

"எல்லாமே முக்கியம்" என்று பதில் வந்தால், "வெள்ளிக்குள் இரண்டுதான் முடியும் என்றால் எந்த இரண்டு?" என்று கேளுங்கள். அப்போது வரிசை வெளியே வந்துவிடும். இந்த இடத்தில் பழக்கதோஷத்தில் "ட்ரை பண்றேன்" என்று சொல்லிவிடாதீர்கள். அதை இங்கே ஒப்புக்கொண்டதாகவே எடுத்துக்கொள்வார்கள், தள்ளிய வேலையும் பட்டியலுக்குத் திரும்பிவிடும்.

முடிவானதும் அன்றைக்கே இரண்டு வரி மெயில் போடுங்கள்: எது எப்போது முடியும், எது எந்தத் தேதிக்குத் தள்ளிப்போனது. டாக்குமென்ட்டுக்குக் காத்திருப்பவரையும் அதில் சேர்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த வாரம் அவர் நேராக உங்களிடம் வந்து நிற்பார்.